பாடத்துக்குப் பின்னால் இருந்த கேள்விகள்

பெரியவளுக்குச் சந்தேகம் என்பது சம்பளத்தோடு வந்த குணம். சட்டை தைக்கும் ஆலையில், தைத்து முடித்த சட்டைகள் கடைசியாக வந்து விழும் மேசை அவளுடையது. குழல்விளக்கின் நேர்கீழே நின்றுகொண்டு பொத்தானை இழுத்துப் பார்ப்பாள், காலரைத் திருப்பிப் பார்ப்பாள், கக்கத்துத் தையலை இரண்டு கட்டைவிரலாலும் விரித்துப் பார்ப்பாள். பழுது தெரிந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி போட்ட சின்ன ஒட்டுத்தாளை ஒட்டித் தையல்காரியிடமே திருப்பி அனுப்பிவிடுவாள். ஆலையில் அவளுக்குப் பெயரே ‘செக்கிங் அக்கா’தான். வயதில் மூத்த மேற்பார்வையாளர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

“செக்கிங் அக்கா கல்யாண வீட்டுக்குப் போனா மாப்பிள்ளையைத் திருப்பிப் போட்டுத் தையல் பாப்பாங்க” என்று தையல்காரிகள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். ஆனால் கை சட்டையை விடாது.

வீட்டில் அவளுக்குத் திருப்பிப் பார்க்கக் கிடைத்தது தங்கை ஒருத்திதான். அம்மா ஒரு விடுதியில் படுக்கை விரிப்புகள் துவைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அப்பா போன பிறகு பெரியவள் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஆலைக்குப் போனாள். சின்னவள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். அந்தச் சின்னவள் இப்போது பத்தாவதில் வந்து நிற்கிறாள், அதுவும் நன்றாகப் படிக்கிற பிள்ளையாக. இரத்தம் சோதிக்கும் கூடத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்டு உட்கார வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு மேல்வகுப்பில் அறிவியல் பிரிவு கிடைக்க வேண்டும். பொதுத்தேர்வு முடிவுக்குக் காத்திராமல், பள்ளியே நடத்தித் திருத்தும் அரையாண்டுத் தேர்விலும் ஆண்டுத் தேர்விலும் அறிவியலில் வாங்கும் மதிப்பெண்ணைச் சேர்த்துப் பார்த்துத்தான் பள்ளியில் பிரிவு கொடுப்பார்கள். கிடைக்காவிட்டால் வேறு ஏதாவது பிரிவு. அந்தக் கதவு பிறகு திறக்காது. ஆலைப் பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவளுக்கெல்லாம் பெரியவள் இதைச் சொல்லி முடித்திருந்தாள். “என் தங்கச்சி லேபுக்குப் போகப் போறா” என்று அவள் சொன்னால், போய்ச் சேர்ந்துவிட்ட மாதிரியே இருக்கும்.

அதனால்தான் அன்றைக்கு அவளுக்குச் சுருக்கென்றது.

வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது பார்த்தாள். சின்னவள் பாடப்புத்தகத்தை மூடிப் பக்கத்தில் வைத்துவிட்டு, வெறும் தாளில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். எழுதிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தாள், ஒப்பிட்டாள், நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு கேள்விக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டாள். பெரியவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். பாடம் முடிந்த பிறகு புத்தகத்தில் அச்சடித்திருக்கும் கேள்விகள் அவை. போன வாரமும் இதே பக்கம்தான் திறந்திருந்தது.

“ஏண்டி, இதைத்தானே அன்னைக்கும் எழுதிட்டிருந்த?”

“ஆமாக்கா. அன்னைக்குத் தப்பா போனதை மட்டும் இப்போ திரும்ப எழுதறேன்.”

“எழுதின கேள்வியையே எழுதினா புதுசா எப்போ படிப்ப?”

“டீச்சர் இப்படித்தான் பண்ணச் சொன்னாங்க. மொதல்ல புக்கை மூடிட்டு எழுதணும். அப்புறம் திறந்து பாக்கணும். தப்பானதை நாலஞ்சு நாள் விட்டு மறுபடியும் எழுதணும். அதோட வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அவங்களே கேள்வி குடுப்பாங்க.”

“கைடு?”

“வேண்டாம்னாங்க. புக்குல இருக்குறதை முடிச்சாலே போதுமாம்.”

பெரியவள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே தங்கையின் முகத்தைப் பார்த்தாள். வேலையைச் சுருக்கிக்கொள்ளத் தையல்காரிகள் சொல்லும் சாக்கு அவளுக்குத் தெரியும். ‘இதுவே போதும்கா’ என்று எவளாவது சொன்னால் அந்தச் சட்டையைத்தான் முதலில் விரித்துப் பார்ப்பாள்.

மறுநாள் திரும்பும் வழியில் பள்ளிக்கு எதிரே இருந்த எழுதுபொருள் கடையில் ஏறினாள். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு கைடை எடுத்துப் போட்டார். செங்கல் மாதிரி இருந்தது. அதன்மேல் இன்னொன்று.

“இது பாடத்துக்கு. இது மாதிரி வினாவிடைக்கு. ரெண்டும் சேர்ந்தாத்தான் முழுசு.”

“டீச்சர் கைடே வேண்டாம்னு சொல்றாங்களாமே?”

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். “நான் ஒண்ணும் சொல்லலம்மா. ஆனா கைடு வேண்டாம்னு யார் சொல்றாங்கன்னு பாருங்க. கடைசி நேரத்துல பிள்ளைங்க திணறும்போது ‘வீட்டுக்கு வா, டியூஷன் எடுக்கறேன்’னு சொல்றவங்கதான். நான் ஒண்ணும் சொல்லல.”

ஒன்றும் சொல்லவில்லை என்று இரண்டு தடவை சொன்னவரின் பேச்சு, பெரியவளின் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டையும் வாங்கிக்கொண்டாள்.

பெற்றோரைப் பார்க்கும் நாளில் அம்மாவுக்கு விடுப்புக் கிடைக்காததால் அவளே பள்ளிக்குப் போனாள். அறிவியல் டீச்சர் ஆசிரியர் அறையில் மூலை மேசையில் உட்கார்ந்திருந்தார். ஒடிசலான உடம்பு. சேலை முந்தானையில் சுண்ணக்கட்டித் தூள். பெரியவளின் கண் நேராகச் சுவரில் தொங்கிய கால அட்டவணைக்கும், டீச்சரின் கைப்பைக்கும், மேசையில் கிடந்த தாள்களுக்கும் போய்த் திரும்பியது.

“டீச்சர், நீங்க டியூஷன் எடுக்கறீங்களா?”

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். “வணக்கம்கூட இல்லாம நேரா அதுக்கே வந்துட்டீங்களே. இல்லம்மா. வீட்டுல ரெண்டு வாண்டுங்க இருக்கு. அதுங்களுக்கே நேரம் பத்தல.”

“அப்போ கைடு ஏன் வேண்டாங்கறீங்க?”

“கைடு ஒண்ணும் விஷமில்ல. எழுதிப் பாத்து, தப்பாகி, புக்கைப் பாத்தும் புரியலன்னா திறந்து பாக்கட்டும். ஆனா அதைத்தான் மொதல்ல திறக்கறாங்க. கேள்விக்குக் கீழயே பதில் இருக்கு. படிச்சா தெரிஞ்ச மாதிரியே இருக்கும். மூடிட்டு எழுதுன்னு சொல்லுங்க, பேனா நகராது. புக்குல பாடத்துக்குப் பின்னாடி பதில் இல்ல பாருங்க, அதான் அதுல விசேஷம். பாடத்தை எழுதினவங்களே, இதுல எது முக்கியம்னு நெனச்சு வச்ச கேள்வி அது.”

“வெள்ளிக்கிழமை நீங்க குடுக்கற கேள்வி எங்கேருந்து வருது?”

“இங்கேருந்து.” டீச்சர் மேசைமேல் கிடந்த விடைத்தாள் கட்டைத் தட்டினார். “பிள்ளைங்க எங்க தடுக்கி விழறாங்கன்னு பாத்து, அதே இடத்தை வேற பக்கத்துலேருந்து கேப்பேன்.”

சரியாகத்தான் இருந்தது. ஆனால் எதிலும் பிசிறில்லாமல் இருந்ததுதான் பெரியவளுக்கு உறுத்தியது. ஒரு பழுதும் இல்லாத கட்டு வந்தால், மேலே நல்லதை அடுக்கிக் கீழே கெட்டதை ஒளித்திருப்பார்கள் என்பது அவள் அனுபவம். பின்பக்கக் கேள்வியோடு முடித்துக்கொண்டால் டீச்சருக்கு வேலை மிச்சம், அதான் என்று பேருந்தில் வரும்போதே முடிவு கட்டிவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் செய்த காரியத்தை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். மின்சாரப் பாடத்தை எடுத்துக்கொண்டாள். இடது பக்கம் பாடப்புத்தகம், வலது பக்கம் கைடு. வரி வரியாக விரலை ஓட்டி இரண்டையும் ஒத்துப் பார்த்தாள். பாடப்புத்தகத்தில் இல்லாமல் கைடில் மட்டும் இருந்த ஒவ்வொரு இடத்திலும், ஆலையிலிருந்து மிச்சமாய்க் கொண்டுவந்திருந்த அம்புக்குறி ஒட்டுத்தாளை ஒட்டினாள். எவர் எதை எந்த ஆண்டில் கண்டுபிடித்தார், எந்த உலோகத்தின் மின்தடை எண் எவ்வளவு என்ற நீண்ட அட்டவணை, ஒரே விஷயத்துக்கு மூன்று விதமான விளக்கம் என்று நிறைய இருந்தது. முடித்து நிமிர்ந்தபோது கைடில் அந்தப் பாடம் முழுக்கச் சிவப்பாகப் பூத்திருந்தது. புத்தகத்தில் இருப்பது எல்லாருக்கும் தெரியும், இல்லாததைத் தெரிந்துகொண்டால்தானே முன்னால் போக முடியும் என்பது அவள் கணக்கு.

“மத்த பாடத்தை உன் டீச்சர் சொன்னபடியே படி. நான் தடுக்கல. இந்த ஒரு பாடத்தை மட்டும் எனக்காக இதுல படி. அம்பு போட்ட இடத்தை விடாத.”

“அக்கா, இதெல்லாம் புக்குலயே இல்லையே.”

“அதுக்குத்தாண்டி ஒட்டியிருக்கேன்!”

சின்னவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா காலை நீட்டி உட்கார்ந்து குதிகாலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். “படிச்சுத் தொலையேன். ஒரு நாள் பூரா கண்ணு நோக உக்காந்து ஒட்டியிருக்கா” என்றாள். சின்னவள் படித்தாள். தேர்வு நெருக்கத்தில் நேரம் குறைந்தபோது, அக்காவின் ஆலையில் தையல்காரிகள் என்ன செய்வார்களோ அதையே செய்தாள். அம்பு இருக்கிற இடத்தை மட்டும் பார்த்தாள், மற்றதைத் தொடவில்லை.

அரையாண்டு விடைத்தாள் கொடுத்த அன்று சின்னவள் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். பெரியவள் தாளைக் கையிலிருந்து பிடுங்கினாள். மதிப்பெண்ணைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் வந்தது பழைய சந்தேகம்தான்.

“பாத்தியா! பின்பக்கக் கேள்வி, பின்பக்கக் கேள்வின்னு அலைஞ்சியே. வெளங்குச்சா?”

சின்னவள் செருப்பைக் கழற்றினாள். உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அவள் அழுதிருந்தால் பெரியவள் இன்னும் நான்கு வார்த்தை திட்டியிருப்பாள். அழவில்லை என்பதால் தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஆலையில் ஒரு கட்டு முழுக்கத் திரும்பி வந்தால் பழுது எங்கே குவிந்திருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார்கள். விடைத்தாளிலும் அதையே தேடினாள். செரிமானம், அமிலம், இரத்த ஓட்டம் எல்லாவற்றிலும் அரையும் காலும்தான் குறைந்திருந்தது. மின்சாரத்தில் மட்டும் அடிவாங்கியிருந்தது. கேள்வி இது: ‘ஒரு வீட்டில் ஓர் அறையின் விளக்கு பழுதாகி அணைந்த பின்னும் மற்ற அறைகளின் விளக்குகள் எரிகின்றன. காரணம் கூறிப் படம் வரைக.’ சின்னவள் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். எவர் எந்த ஆண்டில் கண்டுபிடித்தார், செம்பின் மின்தடை எண் எவ்வளவு, வெள்ளியின் மின்தடை எண் எவ்வளவு. விளக்கு ஏன் எரிகிறது என்று ஒரு வரி இல்லை. ஓரத்தில் டீச்சரின் சிவப்பு மை: ‘நான் கேட்டது இதுவா?’

பெரியவள் பாடப்புத்தகத்தை எடுத்து மின்சாரப் பாடத்தின் கடைசிக்குப் போனாள். ‘வீடுகளில் மின்சாதனங்கள் பக்க இணைப்பில் இணைக்கப்படுவது ஏன்?’ என்று அங்கே இருந்தது. அதே கேள்விதான், வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது. வினாத்தாளின் மற்ற கேள்விகளையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தாள். பெரும்பாலானவை பாடங்களுக்குப் பின்னால் இருந்தன, அல்லது டீச்சரின் வெள்ளிக்கிழமைத் தாள்களில். எங்கேயும் இல்லாத கேள்வி ஒன்றே ஒன்று. அது கைடிலும் இல்லை. அம்பு ஒட்டிய இடத்திலிருந்து வந்த கேள்வியைத் தேடினாள், மறுபடியும் முதலிலிருந்து தேடினாள், ஒன்றும் இல்லை.

அவளுக்கு முகம் சூடானது. ஆனாலும் மனம் உடனே ஒப்பவில்லை. டீச்சர் வேண்டுமென்றே கைடில் இருப்பதை ஒதுக்கிவிட்டுக் கேள்வி எடுத்திருப்பாரோ என்று ஒரு நூல் பிடித்துப் பார்த்தாள். அந்த நூலோடுதான் மறுநாள் பள்ளிக்குப் போனாள்.

டீச்சர் கைடை வாங்கிப் புரட்டினார். அம்புக்குறிகளைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டார்.

“இவ்வளவு பொறுமையா யாரும்மா ஒட்டினது?”

“நான்தான்.”

“புக்குல இல்லாததை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கீங்களே! நான் கேள்வி எடுக்கறது புக்குலேருந்தும்மா. கைடுல என்ன இருக்கு, என்ன இல்லன்னு எனக்குத் தெரியாது. நான் அதைப் பிரிச்சதே இப்போதான்.”

பெரியவள் கைடை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, “சின்னவளைத் திட்டாதீங்க. அம்பு போட்டது நான்” என்றாள். “இன்னும் அறிவியல் பிரிவு கிடைக்குமா?”

“ஆண்டுத் தேர்வுல நல்லா வந்தா கிடைக்கும். அரையாண்டுல விட்டதையும் சேத்து எடுக்கணும். கஷ்டம்தான். முடியாததில்ல.”

“நான் எட்டாவதுதான் படிச்சிருக்கேன். சொல்லிக்குடுக்கத் தெரியாது.”

“சொல்லிக்குடுக்க வேண்டாம். கேளுங்க. புக்கு உங்க கையில இருக்கட்டும். பின்னாடி இருக்கற கேள்வியைக் கேளுங்க, அவ சொல்லட்டும். என்னைப் பிடிச்சு விசாரிச்ச மாதிரி விசாரிங்க, போதும்.”

இப்படித்தான் சமையல் மேடைக்கும் துணி தேய்க்கும் பலகைக்கும் நடுவில் ஒரு விசாரணை மன்றம் தொடங்கியது. பெரியவள் பாடப்புத்தகத்தை மடியில் விரித்துக்கொள்வாள். சின்னவள் பள்ளிச் சீருடையைத் தேய்த்துக்கொண்டோ தரையைக் கூட்டிக்கொண்டோ பதில் சொல்வாள்.

“இரத்தத்துல சிவப்பணு குறைஞ்சா ஏன் மூச்சு வாங்குது?”

“சிவப்பணுவுல ஹீமோகுளோபின் இருக்கு. அதுதான் ஆக்சிஜனைத் தூக்கிட்டுப் போகுது.”

“அது யார் என்ன வேலை பாக்கறாங்கன்னு சொல்ற. மூச்சு ஏன் வாங்குது?”

“அதான்க்கா, ஆக்சிஜன்…”

“இழுக்காத. சிவப்பணு குறைஞ்சா என்ன ஆகும்?”

சின்னவள் துடைப்பத்தோடு நிமிர்ந்தாள். யோசித்தாள். “தூக்கிட்டுப் போற ஆளு குறையும். உடம்புக்கு ஆக்சிஜன் பத்தாது. அதைச் சரிக்கட்ட வேகமா மூச்சு விடும்.”

“இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? சரி, இது உண்மைதானா? புக்குல எந்தப் பக்கம்? காட்டு.”

“போலீஸ்ல சேர வேண்டியவ நீ!”

பெரியவளுக்குப் பாதிப் பதில்கள் புரியவில்லை. ஆனால் கேட்டது ‘ஏன்’ என்றால் வந்தது ‘ஏன்’தானா, ‘வேறுபடுத்துக’ என்றால் இரண்டு பக்கமும் சொன்னாளா என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். திக்கிய கேள்விக்குப் பென்சிலில் பெருக்கல் குறி போட்டாள். அவற்றை நாலைந்து நாள் கழித்து, எதிர்பாராத நேரத்தில், சின்னவள் தலை துவட்டும்போதோ செருப்பு மாட்டும்போதோ வீசுவாள். வெள்ளிக்கிழமைக் கேள்விகள் வந்ததும் அவற்றைத் தானே முதலில் படித்துப் பார்த்து, எந்தப் பாடத்தின் எந்தக் கேள்வி வேஷம் மாற்றி வந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவளுக்குப் பிடித்துப்போனது. “இவ நம்ம அமிலக் கேள்விடி! முக்காடு போட்டு வந்திருக்கா!” என்று கத்துவாள். சில சமயம் அது வேறு ஆளாக இருக்கும். சின்னவள் கைதட்டிச் சிரிப்பாள். இருவருக்குமே புரியாததை மட்டும் கைடில் பார்த்தார்கள். அங்கும் புரியாவிட்டால் மறுநாள் டீச்சரிடம்.

சந்தேகம் மட்டும் முழுதாகப் போகவில்லை. ‘இவ்வளவுதானா? இது போதுமா?’ என்று ஆலையில் காலர் திருப்பும்போது திடீரென்று தலைதூக்கும். பக்கத்து வீட்டுப் பெண் மூன்று கைடு வைத்துப் படிக்கிறாள் என்று கேட்ட அன்று சோறு இறங்கவில்லை. கடைக்காரர் வழியில் நிறுத்தி, “புதுசா ஒண்ணு வந்திருக்கு, இந்தத் தடவை இதுலேருந்துதானாம்” என்றபோது அவள் கால் கடைப்படியில் ஏறியேவிட்டது. ஏறிய கால் சட்டென்று நின்றது. “இதுலேருந்துதான்னு யார் சொன்னாங்க?” என்று கேட்டாள். கடைக்காரர் தலையைச் சொறிந்தார். அவள் இறங்கிவிட்டாள்.

ஆண்டுத் தேர்வு முடிந்து, பிரிவு சொல்லும் நாள் வந்தது. வகுப்பறை வாசலில் டீச்சர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். அக்காவும் தங்கையும் உள்ளே போனார்கள்.

“அறிவியல் பிரிவு. சேந்துக்கலாம்” என்றார் டீச்சர்.

சின்னவள் அக்காவின் முழங்கையைப் பிடித்து நசுக்கினாள். பெரியவள் அசையவில்லை. டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. பாவம் பாத்துப் போட்டீங்களா?”

“அக்கா!” சின்னவளுக்கு மானம் போயிற்று.

“நீ சும்மா இரு. நான் அன்னைக்கு வந்து கெஞ்சுனேன். அதனால ஏதாவது ஏத்திப் போட்டிருந்தா இப்பவே சொல்லிடுங்க. மேல போய் இவ திணறக் கூடாது.”

டீச்சர் அலமாரியைத் திறந்தார். கட்டைப் பிரித்துச் சின்னவளின் விடைத்தாளை உருவி மேசைமேல் வைத்தார். “நீங்களே பாத்துக்குங்க.”

பெரியவள் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. முதல் பக்கத்திலிருந்து விரலை ஓட்டினாள். முதலில் கேள்வி எண், அப்புறம் பதில். கேட்டது ஏன், வந்தது ஏன். கேட்டது வேறுபாடு, இரண்டு பக்கமும் இருந்தது. ஓரிடத்தில் இதுவரை காதால் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. சின்னவள் முதலில் ஏதோ எழுதி அடித்துவிட்டு, கீழே மறுபடி யோசித்து எழுதியிருந்தாள். அதற்கு டீச்சர் பாதி மதிப்பெண்தான் போட்டிருந்தார். பாவம் பார்ப்பவர் அங்கே ஏன் வெட்டினார் என்று தனக்குள் ஒரு கேள்வி கேட்டுப் பதிலும் சொல்லிக்கொண்டு, பெரியவள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். விரல் ஓட ஓட, வரிகள் அவளுக்குத் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல ஆடின. புறங்கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள்.

வாசலில் அடுத்த பெண்ணும் அவள் அப்பாவும் காத்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் அக்காவின் துப்பட்டாவை இழுத்தாள். “போதும்க்கா, வா. எல்லாரும் பாக்கறாங்க. வண்டி வேற போயிடும்.”

“இருடி” என்றாள் பெரியவள், தாளிலிருந்து தலையைத் தூக்காமல். “இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு.”